பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்துக்கு நடைமுறை மூலதனம்: கூட்டுறவு வங்கிக்குக் கடன் கடிதம் எழுதுவது எப்படி?

தையல் கூடம் நடத்துகிறவர்கள் கூட்டுறவு வங்கிக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "தொழிலை மேம்படுத்த 5 லட்ச ரூபாய் கடன் தந்து உதவ வேண்டுகிறேன்." இதைப் படிக்கும் மேலாளருக்கு மூன்று கேள்விகள் வரும். பணம் எதில் போய் உட்காரும்? ஏன் 5 லட்சம், ஏன் 3 இல்லை? எந்த மாதம், யார் கையிலிருந்து திரும்பி வரும்? கடிதத்தில் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் காகித வேலை. பதில் இல்லாவிட்டால் எத்தனை சான்றிதழ் இணைத்தாலும் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு கூடத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பெண் நடத்தும் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு காஜா மெஷின். தனியார் பள்ளிகளுக்குச் சீருடை தைப்பதுதான் முக்கிய வேலை. மற்ற மாதங்களில் நைட்டி, உள்பாவாடை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். துணி ஈரோட்டிலிருந்து வருகிறது. கூடமும் தொகைகளும் எடுத்துக்காட்டுக்காகத்தான், ஆனால் சீருடைத் தொழிலில் பணம் ஓடும் விதம் இதுதான்.

முதலில் எந்தக் கடன் என்று முடிவு செய்யுங்கள்

மெஷின் வாங்கக் கேட்பது தவணைக் கடன். துணி, பட்டன், ஜிப், கூலி, இவற்றுக்குக் கேட்பது நடைமுறை மூலதனம். இரண்டையும் ஒரே கடிதத்தில் ஒரே தொகையாகக் கலந்து கேட்பதுதான் கோப்பு திரும்பி வருவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம். "புது மெஷின் வாங்கவும் துணி வாங்கவும்" என்று எழுதினால், துணிக்கான பணத்தில் மெஷின் வாங்கிவிடுவார் என்றுதான் வங்கி நினைக்கும். அந்தப் பயம் நியாயமானதும்கூட. மெஷினில் போட்ட பணம் திரும்ப மூன்று, நான்கு வருடம் ஆகும். துணியில் போட்டது நான்கு மாதத்தில் திரும்ப வேண்டும்.

நடைமுறை மூலதனத்துக்கு ரொக்கக் கடன் கணக்கு, அதாவது சி.சி. கணக்கு, பொருத்தமானது. ஒரு வரம்பு கொடுப்பார்கள். அதற்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டலாம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. மாதத் தவணைக் கடனாக வாங்கினால் ஏப்ரலில் தவணை கட்ட வேண்டியிருக்கும், ஆனால் ஏப்ரலில் சீருடைக்காரர் கையில் துணி இருக்குமே தவிரப் பணம் இருக்காது.

இடையில் ஒன்று. தேவை ஒன்றரை, இரண்டு லட்சம்தான், வீட்டில் நகையும் இருக்கிறது என்றால், இந்தக் கடிதமே எழுத வேண்டாம். அதே வங்கியில் நகைக்கடன் பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். கடிதம் எழுதும் உழைப்பு அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான்.

தொகையைக் கணக்கிலிருந்து வரவழையுங்கள்

நம் கூடத்துக்கு இந்த வருடம் மூன்று பள்ளிகள், 1,500 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு செட், மொத்தம் 3,000 செட். சராசரியாக ஒரு செட்டுக்குத் துணி 320 ரூபாய், பட்டன், ஜிப், கேன்வாஸ், நூல் 30 ரூபாய், வெட்டு, தையல், காஜா, அயர்ன் எல்லாம் சேர்த்துக் கூலி 140 ரூபாய். அடக்கம் 490, விற்பது 600. அப்படியானால் சீருடை விற்பனை 18 லட்சம். அதில் துணிக்கு 9.60 லட்சம், மற்ற சாமான்களுக்கு 90,000, கூலிக்கு 4.20 லட்சம்.

மார்ச் பாதியில் வேலை தொடங்கி மே கடைசியில் முடிக்க வேண்டும். பள்ளிகள் 20 சதவீத முன்பணம், 3.60 லட்சம், மார்ச்சில் தருகின்றன. மீதி 14.40 லட்சம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிரிந்து வருகிறது. துணியில் பாதியை மார்ச்சில் ரொக்கத்துக்கும், மறுபாதியை ஏப்ரல் நடுவில் 60 நாள் கடனுக்கும் வாங்குகிறார். கைப்பணம் 1.75 லட்சம் போடுகிறார். வாடகை, மின்சாரம் மாதம் 15,000. இதை மாதவாரியாக எழுதினால் (லட்ச ரூபாயில்):

| மாதம் | வரவு | செலவு | மாத முடிவில் வங்கிக்கு நிலுவை |
|---|---|---|---|
| மார்ச் | 5.35 | 6.45 | 1.10 |
| ஏப்ரல் | 0 | 1.95 | 3.05 |
| மே | 0 | 1.95 | 5.00 |
| ஜூன் | 6.00 | 4.95 | 3.95 |
| ஜூலை | 5.40 | 0.15 | நிலுவை இல்லை, கையில் 1.30 |
| ஆகஸ்ட் | 3.00 | 0.15 | கையில் 4.15 |

5 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. மே கடைசியில் பணம் அடிமட்டத்தைத் தொடும் இடம் அது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவும் காரணமில்லை, குறைத்துக் கேட்டால் மே மாதக் கூலி நிற்கும். ஆண்டுக்கு 11 சதவீத வட்டி என்று வைத்துப் பாருங்கள். மாத முடிவு நிலுவைகளின்படி மொத்த வட்டி ஏறக்குறைய 12,000 ரூபாய்தான். இதே பணத்தை மூணு வட்டிக்கு வெளியில் புரட்டினால் 39,000-ஐத் தாண்டும்.

இந்த அட்டவணையில் ஒரு பலவீனமான இடம் உண்டு, அனுபவமுள்ள அதிகாரி உடனே அங்கேதான் விரலை வைப்பார். ஜூன் நடுவில் துணிக்கடைக்கு 4.80 லட்சம் கட்ட வேண்டும். பள்ளியின் பணம் அதற்கு முன் வந்தாக வேண்டும். பத்து நாள் தள்ளிப்போனால் தேவை 10 லட்சத்தை நெருங்கிவிடும். அதனால் குறைந்தது ஒரு பள்ளியிடமாவது "ஜூன் 10-க்குள் இவ்வளவு தருகிறோம்" என்று எழுதி வாங்கி, நகலை இணைக்க வேண்டும். துணிக்கடைக்காரரிடமும் 60 நாள் கடன் என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் நடக்கும் வியாபாரம்தான், ஆனாலும் வருடக்கணக்கில் வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

அட்டவணையில் வீட்டுச் செலவு இல்லை என்பதையும் அதிகாரி கேட்பார். நம் உதாரணத்தில் நைட்டி, உள்பாவாடை விற்பனை வருடத்துக்கு 7 லட்சம். அதன் செலவு அதற்குள்ளேயே ஓடி, வீட்டுச் செலவும் அதிலிருந்து நடக்கிறது. உங்கள் வீடு சீருடைப் பணத்தில்தான் ஓடுகிறது என்றால் மாதம் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதையும் செலவில் சேர்த்து, தொகையை மறுபடி பாருங்கள்.

வங்கி போடும் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்

உங்கள் கணக்கை வைத்து மட்டும் வங்கி முடிவு செய்யாது. சிறு தொழில்களுக்கு ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைதான் வழக்கத்தில் இருக்கிறது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. விற்பனையில் 20 சதவீதத்தை வங்கி தரும், மீதி 5 சதவீதத்தைத் தொழில் நடத்துகிறவர் போட வேண்டும். நம் கூடத்தின் ஆண்டு விற்பனை 18 லட்சமும் 7 லட்சமும் சேர்த்து 25 லட்சம். 20 சதவீதம் என்றால் 5 லட்சம். சொந்தப் பங்கு 1.25 லட்சம் போதும், இவர் 1.75 போடுகிறார். ஆக இரண்டு கணக்கும் ஒரே தொகையில் நிற்கின்றன.

எப்போதும் இப்படிப் பொருந்தாது. துணி முழுவதையும் ரொக்கத்துக்கு வாங்கினால் மே மாதத் தேவை 9.80 லட்சமாக ஏறும். ஆனால் விற்பனைக் கணக்கில் 5 லட்சத்துக்குமேல் கிடைக்காது. அப்போது விற்பனையை 49 லட்சம் என்று ஊதிக் காட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். சென்ற ஆண்டு 20 லட்சம் விற்றவர் இந்த ஆண்டு 25 என்றால் புதிதாக வந்த மூன்றாவது பள்ளியின் ஆர்டரைக் காட்டலாம். 49 என்றால் 10 மெஷினில் எப்படித் தைப்பீர்கள் என்ற கேள்வி வரும். மாறாகத் துணிக்கடைக் கடனையோ பள்ளி முன்பணத்தையோ கூட்டிப் பேசுங்கள். அல்லது பருவகாலத் தொழில் என்று சொல்லி மாதவாரி வரவு செலவின்படி மதிப்பிடக் கேளுங்கள். அப்படி மதிப்பிடும் முறையும் உண்டு, கிளையின் மனநிலையைப் பொறுத்தது.

மெஷின் கணக்கையும் போட்டுவிடுங்கள். 3,000 செட் என்றால் 6,000 உருப்படி. மார்ச் நடுவிலிருந்து மே கடைசி வரை வேலை நாட்கள் 66. நாளுக்கு 91 உருப்படி, மெஷினுக்கு ஒன்பது சொச்சம். கட்டிங் மாஸ்டர் முன்கூட்டி வெட்டித் தந்தால் நடக்கக்கூடிய வேலைதான்.

உறுப்பினர் ஆவதும் காகிதங்களும்

கூட்டுறவு வங்கி தன் உறுப்பினருக்குத்தான் இந்தக் கடனைத் தரும். அதோடு கடன் தொகையில் ஒரு பங்கைப் பங்குத்தொகையாக எடுத்துக்கொள்வார்கள். நகரக் கூட்டுறவு வங்கிகளில் ஈடு உள்ள கடனுக்கு 2.5 சதவீதம் என்பது வழக்கம். 5 லட்சத்துக்கு அது 12,500 ரூபாய். கடனில் பிடித்துக்கொள்வார்களா, முன்னாலேயே கட்ட வேண்டுமா என்று கேட்டு, அதையும் கைப்பணக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாவிட்டால் முதலில் அதை முடியுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே செய்யலாம், தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வேறொருவர் துணி தர, நீங்கள் தைத்துக் கூலி வாங்கினால் அது சேவை. அப்போது வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். இரண்டும் கலந்து செய்கிறவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, அதற்கேற்ப விற்பனையைப் பிரித்து எழுதுங்கள்.

கடன் அறிக்கையை நீங்களே முதலில் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மகளிர் குழுக் கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும் அதில் வரக்கூடும். அதை மறைத்து எழுதிவிட்டு வங்கியே கண்டுபிடிப்பதைவிட, நிலுவை இவ்வளவு என்று கடிதத்திலேயே சொல்வது நல்லது.

கடிதம்

கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. கணக்கெல்லாம் இணைப்பில் இருக்கட்டும். டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். கிளை மேலாளர் பார்த்து, களஆய்வு முடிந்து, கடன் குழு அல்லது நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போய் வருவதற்குள் பிப்ரவரி ஆகிவிடும். மார்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் மே மாதம் வரும், துணி வாங்கும் காலம் போயிருக்கும்.

> அனுப்புநர்
> (பெயர்), உரிமையாளர்,
> (தையல் கூடத்தின் பெயர், முகவரி)
> உறுப்பினர் எண்: ......
>
> பெறுநர்
> கிளை மேலாளர் அவர்கள்,
> (வங்கியின் பெயர், கிளை)
>
> ஐயா / அம்மா,
>
> பொருள்: பள்ளிச் சீருடை தயாரிப்புக்கு ரூ. 5,00,000 ரொக்கக் கடன் வரம்பு கோருதல் – தொடர்பாக.
>
> மேற்கண்ட முகவரியில் ...... ஆண்டு முதல் தையல் கூடம் நடத்தி வருகிறேன். 10 தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு காஜா மெஷின் சொந்தமாக உள்ளன. அவற்றின் மீது கடன் ஏதுமில்லை. சென்ற ஆண்டு விற்பனை ரூ. 20 லட்சம். தங்கள் கிளையில் நடப்புக் கணக்கு எண் ...... வைத்துள்ளேன்.
>
> வரும் கல்வியாண்டுக்கு மூன்று பள்ளிகளிடமிருந்து 3,000 செட் சீருடைக்கு ஆர்டர் பெற்றுள்ளேன். மதிப்பு ரூ. 18 லட்சம். மற்ற தயாரிப்புகளையும் சேர்த்து ஆண்டு விற்பனை ரூ. 25 லட்சம் எதிர்பார்க்கிறேன். இரண்டு பள்ளிகள் பழைய வாடிக்கையாளர்கள். மூன்றாவது பள்ளி இந்த ஆண்டு புதிது.
>
> இந்த ஆர்டரை முடிக்கத் துணி, சாமான், கூலி வகையில் ரூ. 14.70 லட்சமும், மே மாதம் வரை வாடகை, மின்சாரத்துக்கு ரூ. 45,000-மும் தேவை. பள்ளிகளின் முன்பணம் ரூ. 3.60 லட்சம், துணி வியாபாரி தரும் 60 நாள் கடன் ரூ. 4.80 லட்சம், என் சொந்தப் பணம் ரூ. 1.75 லட்சம் போக, மே இறுதியில் ரூ. 5 லட்சம் குறைகிறது. இந்தத் தொகைக்கே வரம்பு கோருகிறேன். கடன் பணத்தில் மெஷினோ வேறு சொத்தோ வாங்கப் போவதில்லை.
>
> பள்ளிகளிடமிருந்து ஜூனில் ரூ. 6 லட்சம், ஜூலையில் ரூ. 5.40 லட்சம், ஆகஸ்டில் ரூ. 3 லட்சம் வர வேண்டும். எல்லாத் தொகையும் தங்கள் வங்கிக் கணக்குக்கே வருமாறு பள்ளிகளுக்கு எழுதிக் கொடுத்துள்ளேன். ஜூலை இறுதிக்குள் நிலுவை முழுவதும் தீரும். மாதவாரிக் கணக்கு இணைப்பு 1-ல் உள்ளது.
>
> கையிருப்புச் சரக்கையும் வர வேண்டிய பாக்கிகளையும் ஈடாகத் தருகிறேன். கூடுதல் ஈடாக ...... கிராமத்தில் என் பெயரில் உள்ள வீட்டைத் தரவும், இரு உறுப்பினர்களின் ஜாமீன் தரவும் சம்மதம். எனக்கு மகளிர் குழுக் கடனில் ரூ. ...... நிலுவை உள்ளது. தவணை தவறியதில்லை.
>
> கூடத்தை எந்த வேலை நாளிலும் வந்து பார்வையிடலாம். மார்ச் முதல் வாரத்தில் துணி வாங்க வேண்டியிருப்பதால் பிப்ரவரிக்குள் பரிசீலித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: 1. மாதவாரி வரவு செலவு 2. பள்ளிகளின் ஆர்டர் கடிதங்கள் 3. துணி வியாபாரியின் கடிதம் 4. இரண்டு ஆண்டு வரவு செலவுக் கணக்கு, வருமான வரிப் படிவம் 5. உத்யம் சான்று, ஆதார், பான் 6. ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம் 7. வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது நகல்கள்

"குடும்பக் கஷ்டம்", "பெண் என்ற முறையில்" போன்ற வரிகளை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அவை குழுக் கூட்டத்தில் யாருக்கும் உதவாது. "மூன்றாவது பள்ளி புதிது" என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விற்பனை ஏன் 20-லிருந்து 25 ஆகிறது என்பதற்கு அதுதான் பதில். ஆர்டர் கடிதத்தில் செட் எண்ணிக்கை, விலை, பணம் தரும் தேதி மூன்றும் இருக்க வேண்டும். "சீருடை தைத்துத் தர இசைகிறோம்" என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

களஆய்வு

அதிகாரி வரும் நாளில் கூடத்தைக் கழுவித் துடைப்பதைவிட மூன்று நோட்டுகளை எடுத்து வையுங்கள்: ஆர்டர் நோட்டு, துணி வரவு நோட்டு, பீஸ் ரேட் கூலி நோட்டு. சென்ற ஆண்டு கூலி நோட்டில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கையும் நீங்கள் சொன்ன விற்பனையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வங்கிக் கணக்கில் வந்த தொகையோடும் ஒப்பிடுவார்கள். 20 லட்சம் விற்றதாகச் சொல்லி, கணக்கில் 8 லட்சம்தான் வந்திருந்தால் மீதி ரொக்கம் என்பதை ரசீதுப் புத்தகத்தால்தான் நிரூபிக்க முடியும்.

வரம்பு கிடைத்த பிறகு வரும் தடுக்கல்

வரம்பு 5 லட்சம் என்பதால் எந்நாளும் 5 லட்சம் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. மாதாமாதம் சரக்கு இருப்புப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதை வைத்து எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி கணக்கிடும். பொதுவாகச் சரக்கின் மதிப்பிலிருந்து துணிக்கடைப் பாக்கியையும் வாங்கிய முன்பணத்தையும் கழித்து, மீதியில் 25 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுத் தருவார்கள். விகிதம் வங்கிக்கு வங்கி மாறும்.

நம் கூடத்தில் ஏப்ரல் கடைசியில் துணி, சாமான், அதுவரை கொடுத்த கூலி சேர்த்துச் சரக்கு மதிப்பு 12.90 லட்சம். கடைப் பாக்கி 4.80, முன்பணம் 3.60 போனால் 4.50. அதில் முக்கால் பங்கு 3.37 லட்சம். எடுக்க வேண்டியது 3.05, பிரச்சினையில்லை. மே கடைசியில் சரக்கு 14.70 லட்சம், கழித்தால் 6.30, முக்கால் பங்கு 4.72 லட்சம். ஆனால் தேவை 5 லட்சம். வரம்பு இருந்தும் 28,000 ரூபாய் எடுக்க முடியாது, அதுவும் கடைசி வாரக் கூலி கொடுக்கும் நேரத்தில்.

இதற்கு வழி, எல்லாப் பள்ளிக்கும் மே கடைசியில் ஒன்றாக அனுப்பாமல், ஒரு பள்ளியின் சீருடையை மே மூன்றாம் வாரமே அனுப்பிப் பில் போட்டுவிடுவது. அப்போது அந்தச் சரக்கு 490 ரூபாய் அடக்கத்திலிருந்து 600 ரூபாய்ப் பாக்கியாக மாறிவிடும். பாக்கிகளையும் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் 90 நாளுக்கு உட்பட்டவற்றை மட்டும். பாக்கிக்குச் சரக்கைவிட அதிகம் ஒதுக்கும் வங்கிகளும் உண்டு. ஒதுக்கீடு 40 சதவீதம் என்றால் இந்த லாபம் காணாமல் போய்விடும், அப்போது 28,000-ஐக் கைப்பணத்தில்தான் கூட்ட வேண்டும். எனவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இரண்டு விகிதத்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலையில் நிலுவை தீர்ந்ததும் கணக்கை மறந்துவிடக் கூடாது. நைட்டி விற்பனைப் பணமும் அதே கணக்கில் வந்து போகட்டும். நிலுவை இருக்கும்போது 90 நாள் தொடர்ந்து வரவே இல்லாமல் கிடந்தாலோ, எடுக்கக்கூடிய அளவைத் தாண்டி 90 நாள் நின்றாலோ அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். வரம்பு ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் டிசம்பரிலேயே கொடுங்கள். அந்த முறை இணைப்பு 1-ல் எதிர்பார்த்த தொகைக்குப் பக்கத்தில் உண்மையில் வந்த தொகையையும் தேதியையும் எழுதி, தள்ளிப்போன பள்ளி எது, ஏன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.